விற்காத பாக்கெட் யாருடையது?
வீட்டுப் பலகாரத்தைக் கடையில் வைக்கக் கேட்கும் ஒரு கடிதத்தின் கணக்கும் சட்டமும்

வீட்டில் முறுக்கும் தட்டையும் சுடுகிற ஒரு பெண், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் பாக்கெட்டுகளைக் கல்லா மேசையில் வைத்து விற்றுத் தரச் சொல்லிக் கேட்பது தமிழ்நாட்டில் புதிய சங்கதி அல்ல. பெரும்பாலும் வாயால் கேட்பார்கள். மாலை ஆறு மணிக்கு, ஒருவருக்குப் பருப்பு நிறுத்து இன்னொருவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காரர், "வச்சிட்டுப் போங்கம்மா, பாப்போம்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். சிலர்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும், எந்த வரியில் லாபம் தங்குகிறது, எந்த வரியில் நழுவுகிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கீழே உள்ளது யாருடைய கடிதமும் அல்ல. இந்த வகைக் கடிதங்கள் வழக்கமாக எப்படி எழுதப்படுகின்றனவோ அதே போக்கில், ஆராய்வதற்கென்று எழுதிக்கொண்டது.

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் கடைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். மாதச் சாமான் தங்கள் கடையில்தான் வாங்குகிறோம். வீட்டிலேயே சுத்தமான முறையில் தட்டை, முறுக்கு போட்டுக் கொடுத்து வருகிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். 100 கிராம் பாக்கெட் 30 ரூபாய். தாங்கள் தயவுசெய்து கல்லாவுக்குப் பக்கத்தில் என் பாக்கெட்டுகளை வைத்து விற்றுத் தந்தால் தங்களுக்கு 20 சதவீதம் கமிஷன் தருகிறேன். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குடும்பச் சூழ்நிலையை மனதில் வைத்து உதவும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. மாதச் சாமான் அங்கேதான் வாங்குகிறோம் என்ற வரி கெட்டிக்காரத்தனமானது. கெஞ்சலுக்கு நடுவே, நானும் உங்கள் வாடிக்கைக்காரிதான் என்று நினைவூட்டுகிறது. ஆனால் கடைக்காரர் இதைப் படித்தபின் அவர் மனதில் எழும் கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் பதில் இல்லை. எழுதியவருடைய பணத்தைக் காக்கும் வரியும் இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வாக்கியம் அவருக்கே எதிராகத் திரும்பக்கூடியது: "விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

முதலில் கணக்கைப் பார்க்கலாம். தட்டையின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெயாகவே இருக்கும். ஆகவே 100 கிராம் பாக்கெட்டில் எண்ணெய்க்கு 5 ரூபாய், அரிசி மாவு, உளுத்தம் மாவு, கடலைப் பருப்பு, நிலக்கடலை, காரம் எல்லாம் சேர்த்து 5 ரூபாய், எரிவாயுவுக்கு 2 ரூபாய், கவரும் லேபிளும் இரண்டரை ரூபாய், உடைந்த தட்டைக்கும் கடைசியில் கொட்ட வேண்டிய எண்ணெய்க்கும் ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் இது மாறும். அவருடைய உழைப்புக்கு இதில் ஒரு பைசா கூடச் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விலை 30 ரூபாய். அதில் 20 சதவீதம், அதாவது 6 ரூபாய், கடைக்காரருக்கு. இவர் கைக்கு வருவது 24. அசல் 16 போக 8 ரூபாய் மிச்சம். இருபது பாக்கெட் வைத்தால் 160 ரூபாய் என்று மனம் உடனே பெருக்கிப் பார்க்கும். இங்கேதான் ஏமாற்றம். அந்த 160, இருபதும் விற்றால்தான். பதினைந்து விற்று ஐந்து திரும்பி வந்தால் வரவு 360, செலவு 320, மிச்சம் 40. பதினான்கு விற்றால் 16 ரூபாய். பதின்மூன்று விற்றால் 8 ரூபாய் நஷ்டம். இருபதில் பதின்மூன்று விற்றுவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் கேட்பவருக்கு நல்ல வியாபாரமாகத்தான் தோன்றும்.

அசல் 16ஐக் கைக்கு வரும் 24ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு. வைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு விற்கும் வரை இவர் சம்பாதிப்பது தன் சொந்தச் செலவை மட்டும்தான். லாபம் முழுவதும் கடைசி ஏழு பாக்கெட்டில் இருக்கிறது. திரும்பி வருவதும் அந்த ஏழில்தான்.

இப்போது கமிஷனைப் பற்றிய பேரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடைக்காரரிடம் வாதாடி 20 சதவீதத்தை 15 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கு இவர் கைக்கு 25.50. இருபதில் பதினைந்து விற்றால் வரவு 382.50, மிச்சம் 62.50. முன்பைவிட 22.50 கூடுதல். அதற்குப் பதிலாகக் கமிஷனைத் தொடாமல், இருபது வைக்கும் இடத்தில் பதினாறு மட்டும் வைத்து அதே பதினைந்து விற்றிருந்தால் வரவு 360, செலவு 256, மிச்சம் 104. பேரம் பேசி வாங்கிய ஐந்து சதவீதத்தைவிட, வைக்காமல் விட்ட நான்கு பாக்கெட் அதிகம் சம்பாதித்திருக்கிறது. கடிதம் எழுதுபவர்கள் பெரும்பாலும் சதவீதத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது எண்ணிக்கையையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது என்பதையும் பற்றி. பின்தெருவில் குடியிருப்பவருக்கு வாரம் இருமுறை எட்டெட்டு பாக்கெட் வைப்பது ஒரு சிரமமே இல்லை. வெளியூரிலிருந்து வண்டியில் வரும் கம்பெனிச் சரக்குக்கு இல்லாத வசதி அது. ஆனால் கடிதத்தில் அந்த வசதியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

சதவீதத்தில் இன்னொரு பொறி உண்டு. கடைப் பேச்சில் "இருபத்தஞ்சு மார்ஜின்" என்றால் பலர் வாங்கும் விலையின் மேல் இருபத்தைந்து என்று கணக்கிடுவார்கள். 24 ரூபாய்க்கு வாங்கி 30க்கு விற்றால் 6 ரூபாய், அது 24இல் கால் பங்கு. கடிதம் எழுதியவர் பாக்கெட்டில் அச்சிட்ட 30இன் மேல் கணக்கிடுகிறார். அதே 6 ரூபாய் அவருக்கு 20 சதவீதம். ஒருவர் இருபத்தைந்து கேட்டு மற்றவர் அதை 30இன் மேல் போட்டு 7.50 கொடுத்துவிட்டால் பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் யாரும் ஏமாற்றாமலே போய்விடும். ஆகவே சதவீதமே வேண்டாம். "ஒரு பாக்கெட் விற்றால் தங்களுக்கு 6 ரூபாய், எனக்கு 24 ரூபாய்" என்று எழுதுவது சிறந்தது.

இனி அந்த ஆபத்தான வாக்கியம். "கமிஷன்" என்ற சொல்லும் "திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்ற சொல்லும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு வேறு ஏற்பாடுகளைச் சுட்டலாம்.

கமிஷன் என்றால் கடைக்காரர் முகவர். சரக்கு கடைசி வரை இவருடையது. கடைக்காரர் இவருக்காக விற்கிறார், தன் கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளைச் சொல்கிறது: கேட்கும்போது சரியான கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவு 213), தனக்குரியதைக் கழித்துக்கொண்டு (217) மீதியைக் கொடுத்துவிட வேண்டும் (218). கமிஷன் மண்டியில் விவசாயி காய்கறி மூட்டையை இறக்குவதும் இந்த வகைதான். ஒரு வித்தியாசம்: மண்டியில் விலை அன்றைய வரத்தைப் பொறுத்தது, இங்கே விலையை இவரே பாக்கெட்டில் அச்சிட்டுவிடுகிறார்.

"விற்றால் பணம், இல்லையென்றால் ரிட்டன்" என்பது வேறு. அங்கே கடைக்காரர் வாங்குபவர். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 24, இந்த ஏற்பாட்டுக்கென்றே இருக்கிறது. சரக்கைப் பெற்றவர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதற்கு ஏதாவது செய்தால், உதாரணமாக விற்றுவிட்டால், அது அவருடையதாகிறது. அப்படி எதுவும் செய்யாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டே இருந்தால், குறித்த கெடு முடிந்ததும் அவருடையதாகிறது. கெடு குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம் கழிந்ததும். அதாவது இந்த ஏற்பாட்டில், தேதி தாண்டி மூலையில் கிடக்கும் ஐந்து பாக்கெட்டுக்கும் கடைக்காரர் பணம் தர வேண்டியவராகலாம். கமிஷன் ஏற்பாட்டில் அந்த ஐந்தும் இவர் தலையில்தான்.

120 ரூபாய்ச் சரக்குக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை. இருந்தாலும் சட்டம் ஒரு காரியம் செய்கிறது. எந்தக் கேள்வியை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது: பாக்கெட் எந்த நாள் வரை யாருடையது? மாதிரிக் கடிதத்தில் அந்த நாளே இல்லை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றால் எப்போது? ஒரு வாரத்திலா, தீபாவளி கழித்தா, அவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகா? தேதி எழுதாத கடிதத்தில் கடைக்காரருக்கு அவசரம் கிடையாது. எழுதியவர்தான் ஒவ்வொரு நாளும் நஷ்டப்படுகிறார், ஏனென்றால் தட்டை ஒவ்வொரு நாளும் வயதாகிறது.

அந்த வயது எத்தனை நாள் என்பதைக் கடிதம் எழுதும் முன்னே கண்டுபிடித்தாக வேண்டும். பலகாரம் கெடுவதில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசினால் பரிகாரம் தெரியாது. ஒன்று நமுத்துப் போவது. வாசனை சரியாக இருக்கும், உடைத்தால் சத்தம் வராது. இலேசாகச் சூடுபடுத்தினால் மொறுமொறுப்பு திரும்பும். இது ஈரத்தின் வேலை. சூடு ஆறும் முன்னே கவரில் போட்டிருப்பார், உள்புறத்தில் மெல்லிய ஆவி படர்ந்திருக்கும். இல்லையென்றால் ஒட்டிய ஓரம் சரியில்லை. பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் கசியும் இடத்தில் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். சரமாகத் தொங்கவிட கடைப்பையன் ஸ்டேப்ளர் பின் அடித்தாலும் இதே கதிதான். அவன் அடிப்பது பாக்கெட்டின் தலைப்பில் என்று நினைத்திருப்பான், பின் ஒட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். தொங்கவிட வேண்டுமென்றால் ஒட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலம் காலி இடம் விட்டுத்தான் கவர் வாங்க வேண்டும்.

மற்றது காறல். இதில் தட்டை மொறுமொறுவென்றே இருக்கும், ஆனால் பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். இது எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து கெடுவது. சூடுபடுத்தினால் சரியாகாது. முந்தைய ஈடுகளில் மிஞ்சிய எண்ணெயோடு புது எண்ணெயைக் கலந்து சுட்டால் சீக்கிரம் வரும். மேற்குப் பார்த்த கடையில், மாலை வெயில் நேராக விழும் கல்லா மேசையில், கண்ணாடி போன்ற கவரில் வைத்தாலும் சீக்கிரம் வரும். ஆக, கல்லாப் பக்கம் என்ற இடம் விற்பனைக்கு நல்லது, எண்ணெய்ப் பலகாரத்துக்கு எப்போதும் நல்லதல்ல. வெயில் படாத பக்கம் என்று ஒரு சொல் கடிதத்தில் இருப்பது வீண் இல்லை.

ஒவ்வொரு தடவை சுடும்போதும் நான்கைந்து பாக்கெட்டை வீட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டு, சில நாளுக்கு ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் எளிய சோதனை. அலமாரிக்குள் வைத்துப் பார்த்தால் உதவாது, கடையில் அது அலமாரிக்குள் இருக்கப்போவதில்லை. உதாரணமாக, இருபதாம் நாள் இலேசாக வாடை மாறுகிறது என்று தெரிந்தால், லேபிளில் பதினைந்து நாள் போடலாம். கடையிலிருந்து எடுக்கும் நாள் பத்தாம் நாள். இடையில் உள்ள ஐந்து நாள் வாங்கியவர் வீட்டில் கழியும் காலம். பதினான்காம் நாள் வாங்கியவர் இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் குறை சொல்லப்போவது கடைக்காரரிடம். அவர் அடுத்த வாரம் பாக்கெட்டை மேசையில் வைக்க மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

கடைக்காரரின் பக்கம் வருவோம். அவர் பணம் எதுவும் போடவில்லையே, பிறகென்ன தயக்கம் என்று தோன்றலாம். அவர் கொடுப்பது இடம். கல்லா மேசையில் ஒரு சாண் இடம் என்பது சில்லறை வாங்கக் கை நீட்டும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும் இடம். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கப்படும் இடமும் அதுதான். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. லேபிள் இல்லாத பாக்கெட் அவர் கடையில் இருக்கும்போது உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், பிரிவு 27இல், விற்பவர் எப்போதெல்லாம் பொறுப்பாளி என்று எண்ணிச் சொல்கிறது. காலாவதியான பிறகு விற்றால், சுகாதாரமற்ற நிலையில் வைத்திருந்தால், லேபிள் தவறான பொருளை விற்றால், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியிருந்தால் என்று போகும் அந்த வரிசையில் ஒன்று நம் கடிதத்தைத் தொடுகிறது: தயாரித்தவர் அல்லது விநியோகித்தவர் யார் என்று அடையாளம் காட்ட முடியாத பொருளுக்கும் விற்றவரே பொறுப்பு. தவறான லேபிளுக்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தெருமுனைக் கடைக்கு அந்த உச்சத் தொகையே விதிக்கப்படும் என்றில்லை. ஆனால் ஒரு பாக்கெட்டில் 6 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அந்த எண்ணைக் கேட்டாலே போதும்.

இந்த இடத்தில்தான் கடிதம் வேண்டுகோள் என்ற நிலையிலிருந்து மேலே போகிறது. தயாரித்தவர் பெயர், முகவரி, பதிவு எண், கொடுத்த தேதி, எத்தனை பாக்கெட் என்பதைக் கையெழுத்துடன் சொல்லும் தாள் கடைக்காரரின் கல்லாப் பெட்டியில் இருந்தால், சரக்கு யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அதுவே சான்று. கேட்கிறவருக்கு மட்டும் தேவைப்படுவதாகத் தோன்றும் கடிதம் உண்மையில் கொடுக்கிறவருக்கு அதிகம் தேவை. "குடும்பச் சூழ்நிலையை மனதில் வைத்து" என்பதற்குப் பதிலாக, "எங்கள் பதிவுச் சான்றிதழின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்" என்று எழுதினால் அவருடைய பெரிய தயக்கம் அங்கேயே பாதி தீரும். உதவி கேட்கும் வரி ஒரு மாதம் வேலை செய்யும். இரக்கத்தில் வைத்த பாக்கெட் மேசையிலிருந்து ஷெல்ஃபுக்கும், ஷெல்ஃபிலிருந்து அரிசி மூட்டைக்குப் பின்னாலும் போய்விடுவது வழக்கம்.

பதிவு வாங்குவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டாதவரைச் சிறு உணவுத் தயாரிப்பாளர் என்று வகுத்து, உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தன. விண்ணப்பம் FoSCoS என்ற இணையதளத்தில். கிடைக்கும் எண்ணில் 14 இலக்கங்கள் இருக்கும். பதிவு என்றால் முதல் இலக்கம் 2, உரிமம் என்றால் 1. கடைக்காரர் இதைத் தெரிந்துவைத்திருந்தால், வேறு யாருடைய உரிம எண்ணையோ பார்த்து எழுதிய லேபிளை ஒரு பார்வையிலேயே சந்தேகிக்கலாம்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பலகாரத்தின் பெயர், சேர்மானங்கள் (அதிகமாகச் சேர்ந்தது முதலில், மற்றவை இறங்கு வரிசையில்), நிகர எடை, சைவத்துக்கான பச்சைக் குறி, தயாரித்தவர் பெயரும் முகவரியும், பதிவு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை. தட்டையில் நிலக்கடலை போட்டிருந்தால் அதைத் தனியாகவும் சொல்ல வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக. அச்சகத்தில் ஆயிரம் லேபிள் அடிக்கும்போது தேதிக்கு மட்டும் காலி இடம் விட்டு, பிறகு ரப்பர் ஸ்டாம்ப் வைப்பது வழக்கம். எண்ணெய்க் கை பட்டால் அழியும் மையில் வைத்தால் பத்து நாளில் தேதி காணாமல் போகும். தேதி இல்லாத பாக்கெட் சட்டப்படி தவறான லேபிள்தான், சுட்ட நாளில் எவ்வளவு தெளிவாக இருந்திருந்தாலும்.

அடுத்து, கடன் நோட்டு. அண்ணாச்சி கடைகளில் மாதக் கணக்கு வைத்து வாங்குபவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளை வந்து ஒரு தட்டைப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு "நோட்டுல எழுதிக்கோங்க" என்றால் அந்த 24 ரூபாய் எப்போது வரும்? மாதக் கடைசியிலா, அல்லது அந்தக் குடும்பம் பாக்கி வைத்துவிட்டால் வராமலே போகுமா? ஒப்பந்தச் சட்டத்தின் 211ஆம் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கடனுக்கு விற்பது வழக்கமில்லாத தொழிலில் ஒரு தரகர் கடனுக்கு விற்று, வாங்கியவர் நொடித்துப்போனால், நஷ்டத்தை அந்தத் தரகரே ஈடுகட்ட வேண்டும் என்கிறது. படிக்க ஆறுதலாக இருக்கும். ஆனால் மளிகைக் கடையில் கடன் என்பது நாள்தோறும் நடக்கும் வழக்கம். அந்த எடுத்துக்காட்டு இங்கே இவருக்குக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. எழுதிவைப்பதுதான் வழி: "கடையை விட்டுப் போன பாக்கெட் விற்ற பாக்கெட்டாகக் கணக்கில் சேரும்." கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது கடைக்காரரின் விருப்பம், அதன் பாரமும் அவருடையது. இதைச் சொல்வதில் அவமரியாதை ஒன்றுமில்லை. கம்பெனிச் சரக்கிலும் அவர் அப்படித்தான் செய்கிறார்.

அதே வாக்கியம் கணக்கு எடுப்பதையும் எளிதாக்குகிறது. எத்தனை விற்றது என்று கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை. திங்கட்கிழமை இருபது வைத்தார், வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் ஒன்பது இருக்கிறது, ஆகவே பதினொன்று போயிருக்கிறது. பதினொன்றுக்கு 330 ரூபாய், அதில் கடைக்காரருக்கு 66, இவருக்கு 264. ஆனால் கடைக்காரர் தன் நினைவில் பத்து என்கிறார். ஒன்றைக் காணோம். கடைப்பையன் தின்றிருக்கலாம், எலி கடித்துத் தூக்கிப் போட்டிருக்கலாம், நமுத்துவிட்டது என்று யாராவது கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். இந்த ஒரு பாக்கெட்டில்தான் முதல் மனக்கசப்பு வரும். முன்கூட்டியே ஒரு வழி சொல்லிவைத்தால் அது வராது: வாடிக்கையாளர் குறை சொல்லித் திருப்பிய பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் எடுத்துவைத்தால் அது இவர் கணக்கு, கையில் காட்ட முடியாதது கடைக் கணக்கு. திரும்பி வந்த பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது இவருக்கும் அவசியம். நமுத்ததா, காறியதா என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தக் கணக்கு ஒரு சிட்டையில் ஏறுகிறது: தேதி, வைத்தது, இருந்தது, எடுத்தது, போனது, தொகை, இருவர் கையெழுத்து. கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் "சம்மதம்" என்று கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதும் இதைப் போன்றதுதான். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்றாலும் மூன்று மாதம் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்பதை நினைவு மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

மாதிரிக் கடிதத்தைத் திருத்தினால் அதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி ஆகும்: "ஒவ்வொரு திங்களும் வியாழனும் காலை நானே வந்து எட்டு பாக்கெட் வைக்கிறேன். வெயில் படாத பக்கம் வைத்தால் போதும். பாக்கெட் 30 ரூபாய். விற்றால் தங்களுக்கு 6, எனக்கு 24. கடையை விட்டுப் போனது விற்றதாகக் கணக்கு. பத்து நாள் ஆன பாக்கெட்டை நானே எடுத்துவிடுவேன், அதற்குத் தாங்கள் ஒன்றும் தர வேண்டாம். யாராவது குறை சொன்னால் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது என் பொறுப்பு. பதிவுச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசிக்கொள்ளலாம்." அண்ணாச்சி என்ற விளியும் மாதச் சாமான் பற்றிய வரியும் அப்படியே இருக்கட்டும், அவற்றில் குறை இல்லை.

கமிஷனே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. "இந்த எண்ணுற வேலையெல்லாம் எனக்கு ஆகாதும்மா. ரொக்கமா எடுத்துக்கிறேன், இருபத்திரண்டு ரூபாய்னு போட்டுக் குடுங்க" என்பார். 24 வரும் இடத்தில் 22 என்றதும் அடிமாட்டு விலையாகத் தோன்றும். ஆனால் வீட்டுத் தொழிலிலிருந்து வளர்ந்தவற்றில் இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம் தொடங்கியது வியாபாரிக்கே நேராக விற்பதில்தான். 1959 மார்ச் மாதம் மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள், அவற்றை புலேஷ்வரில் தெரிந்த ஒரு வியாபாரிக்கு விற்றார்கள். அப்பளம் மாதக்கணக்கில் கெடாது, தட்டை கெடும். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தட்டைக்காரருக்கு ரொக்கம் இன்னும் பெரிய லாபம்.

22 ரூபாய்க்கு இருபதையும் அவர் எடுத்துக்கொண்டால் 440 வரவு, 320 செலவு, 120 மிச்சம். கமிஷனில் இருபது வைத்துப் பதினைந்து விற்றபோது கிடைத்தது 40. ஆனால் நஷ்டம் தன்னுடையது என்றான பிறகு எந்தக் கடைக்காரரும் இருபது எடுக்க மாட்டார். விற்கும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்த பத்தை மட்டும் எடுப்பார். பத்துக்கு 220 வரவு, 160 செலவு, 60 மிச்சம். எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்கும் நேரமும் பாதிதான்.